ஒரே பத்து லட்சம், இரண்டு வரிக் கணக்கு: சில மாதங்களுக்கு லிக்விட் ஃபண்டா, ஆர்பிட்ராஜ் ஃபண்டா?

"லிக்விட் ஃபண்ட் மாதிரியேதான், ஆனா வரி கம்மி." ஆர்பிட்ராஜ் ஃபண்ட் என்ற மியூச்சுவல் ஃபண்ட் வகையைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். சிலருக்கு இது சரியான பதில். ஆனால் வருட வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்து, புதிய வரி முறையில் ஒரு ரூபாய்கூட வரி கட்டாமல் இருப்பவர்களுக்கு, சில மாதக் கணக்கில் இது நேர்மாறான பதில். என் அக்காவும் நானும் ஒரே நேரத்தில் ஒரே தொகையை ஒதுக்கி வைக்க வேண்டி வந்தபோது இந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டே பார்த்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2025 ஆனி மாதம் ஊரில் எங்கள் நன்செய் நிலத்தை விற்றோம். நகராட்சி எல்லையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் ஊராட்சிப் பகுதி விவசாய நிலம் என்பதால் விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆளுக்குப் பத்து லட்சம் கைக்கு வந்தது. அக்காவுக்குத் தை மாதம் மகள் கல்யாணம். மண்டப பாக்கி, நகை, சமையல் என்று பணம் வெவ்வேறு தேதிகளில் தேவைப்படும். எனக்கு அடுக்குமாடி வீட்டின் கடைசித் தவணை, பத்திரப்பதிவுக்கு முன்னால் மொத்தமாகக் கட்ட வேண்டியது. பில்டர் "ஆறு மாசம் ஆகும் சார்" என்று சொல்லியிருந்தார். ஆக இருவருக்கும் ஏறத்தாழ ஒரே காலம். பங்குச் சந்தைப் பக்கம் போக முடியாத பணம். சேமிப்புக் கணக்கில் விட்டால் இரண்டரை சதவீத அளவில்தான் வட்டி.

அக்கா ஓய்வு பெற்ற ஆசிரியை. மாதம் 60,000 ரூபாய் பென்ஷன். நான் சம்பளக்காரன், 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவன். நான் ஆர்பிட்ராஜ் ஃபண்டில் போடப்போகிறேன் என்றதும் அக்கா போனில், "அப்ப எனக்கும் அதுலயே போட்டுடு தம்பி, நீ பாத்து செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றது. "இல்லக்கா, உங்களுக்கு அது வேண்டாம், உங்களுக்கு லிக்விட்தான்" என்றேன். "உனக்கு நல்லது எனக்கு நல்லதில்லையாடா?" என்று கேட்டது. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

லிக்விட் ஃபண்ட் புரிந்துகொள்ள எளிது. 91 நாளுக்குள் முதிர்வடையும் கடன் பத்திரங்களில் மட்டுமே அது பணம் போடலாம். அரசின் ட்ரெஷரி பில், வங்கிகள் வெளியிடும் சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட், கம்பெனிகளின் கமர்ஷியல் பேப்பர், இவைதான் உள்ளே இருக்கும். வட்டி ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே வரும். ஒரு யூனிட்டின் அன்றைய விலையான என்ஏவியைச் சனி, ஞாயிறுக்கும் போடுவார்கள். அதனால் அதன் படம் கிட்டத்தட்ட ஒரு நேர்கோடாக மேலே போகும்.

ஆர்பிட்ராஜ் ஃபண்ட் பங்குச் சந்தையிலேயே நிற்கிறது, ஆனால் விலை ஏற்ற இறக்கத்தை எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பங்கை ரொக்கச் சந்தையில் வாங்கும்போதே அதே பங்கின் ஃப்யூச்சர்ஸை, அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தத்தை, விற்றுவிடும். பங்கு 1,000 ரூபாய்க்கு இருக்கிறது, மாதக் கடைசியில் முடியும் ஃப்யூச்சர்ஸ் 1,006 ரூபாய்க்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி நாளில் இரண்டு விலையும் ஒன்றாகிவிடும். அன்று பங்கு 1,100 ஆனாலும் சரி, 900 ஆனாலும் சரி, நடுவில் இருந்த 6 ரூபாய் ஃபண்டுக்கு. அதன்பின் பங்கை விற்காமல், முடியப்போகும் ஃப்யூச்சர்ஸை மூடிவிட்டு அடுத்த மாத ஃப்யூச்சர்ஸை விற்பார்கள். சந்தையில் இதை ரோல்ஓவர் என்பார்கள்.

அந்த 6 ரூபாய் எங்கிருந்து வருகிறது? கடன் வாங்கியது போல, சிறிய மார்ஜின் பணத்தை வைத்துப் பெரிய அளவில் பங்கு ஏறும் என்று பந்தயம் கட்டுகிறவர்கள் ஃப்யூச்சர்ஸை வாங்குகிறார்கள். அவர்கள் தரும் கூடுதல் விலைதான் அது. அதனால்தான் இந்த வருமானமும் குறுகிய கால வட்டி விகிதத்தை ஒட்டியே நகர்கிறது. வரிக்கு முன்னால் பார்த்தால் நல்ல லிக்விட் ஃபண்டும் நல்ல ஆர்பிட்ராஜ் ஃபண்டும் பெரும்பாலும் அரை சதவீதம் முன்னே பின்னே என்ற அளவில்தான் இருக்கும். வித்தியாசத்தை உண்டாக்குவது வரி.

2023 ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கிய லிக்விட் ஃபண்டின் லாபம், எத்தனை நாள் வைத்திருந்தாலும், உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து அடுக்குப்படி வரிக்கு உட்படும். ஆர்பிட்ராஜ் ஃபண்ட் குறைந்தது 65 சதவீதத்தைப் பங்குகளில் வைத்திருப்பதால் வரிச் சட்டத்தின் கண்ணில் அது பங்கு ஃபண்ட். ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்துக்கு 20 சதவீதத் தனி வரி. 2024 ஜூலை 23-க்கு முன் இது 15 சதவீதமாக இருந்தது. அதனால் பழைய கட்டுரைகளில் உள்ள ஒப்பீடுகளை அப்படியே நம்பக் கூடாது. ஒரு வருடம் தாண்டினால் 12.5 சதவீதம், அதிலும் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை நீண்ட கால லாபத்துக்கு வரி இல்லை. ஆனால் எங்கள் பேச்சு சில மாதங்களைப் பற்றியது. அதனால் 20 சதவீதம்தான் எங்களுக்கான எண்.

இப்போது கணக்கு. இரண்டு ஃபண்டுமே வருடத்துக்கு 6.5 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்கிறேன். இது உறுதியான வருமானம் இல்லை, ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட எண் மட்டுமே. பத்து லட்சத்துக்கு ஆறு மாதத்தில் 32,500 ரூபாய் லாபம்.

என் அடுக்கில் செஸ் சேர்த்து 31.2 சதவீதம் வரி. லிக்விட் ஃபண்டில் போட்டிருந்தால் 10,140 ரூபாய் வரிக்குப் போய், கையில் 22,360 நிற்கும். ஆர்பிட்ராஜில் செஸ் சேர்த்து 20.8 சதவீதம், அதாவது 6,760 ரூபாய். கையில் 25,740. எனக்கு 3,380 ரூபாய் மிச்சம்.

அக்கா கணக்கு வேறு. வருட பென்ஷன் 7.2 லட்சம். அதில் 75,000 நிலையான கழிவு போனால் 6.45 லட்சம். லிக்விட் ஃபண்ட் லாபத்தைச் சேர்த்தாலும் ஏழு லட்சத்தைத் தொடவில்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரித் தள்ளுபடி இருக்கிறது. அடுக்குப்படி வரும் வரி முழுவதும் அதில் கழிந்துவிடும். ஆக லிக்விட் ஃபண்டின் 32,500 ரூபாயும் முழுசாக அக்கா கையில் நிற்கும்.

அதே பணத்தை ஆர்பிட்ராஜில் போட்டிருந்தால்? அந்த 20 சதவீதம் தனி விகித வரி. தனி விகிதத்தில் வரும் வரிக்குப் புதிய முறையின் தள்ளுபடி பொருந்தாது. பென்ஷனுக்கு வரி பூஜ்யம், ஆனால் ஆர்பிட்ராஜ் லாபத்துக்கு மட்டும் 6,760 ரூபாய் கட்டியே ஆக வேண்டும். மற்ற வருமானம் 4 லட்சத்துக்குக் கீழே இருந்திருந்தால், அந்த அடிப்படை விலக்கில் மீதமிருக்கும் இடத்தில் கொஞ்சத்தை அடக்கியிருக்கலாம். அக்காவின் பென்ஷனே அதைத் தாண்டிவிடுகிறது.

ஒரே ஃபண்ட், ஒரே லாபம். எனக்கு 3,380 ரூபாய் மிச்சப்படுத்துவது அக்காவுக்கு 6,760 ரூபாய் செலவு வைக்கிறது. இதைத் தாளில் எழுதி அனுப்பியதும் அக்கா புரிந்துகொண்டது.

நடுவில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிய முறையில் 12 முதல் 16 லட்சம் வரை 15 சதவீதம், 16 முதல் 20 லட்சம் வரை 20 சதவீதம், 20 முதல் 24 லட்சம் வரை 25 சதவீதம், அதற்கு மேல் 30. உங்கள் வருமானத்தின் உச்சி எந்த அடுக்கில் விழுகிறது என்று பாருங்கள். 15-இல் இருந்தால் லிக்விட்தான் மேல். 20-இல் இருந்தால் இரண்டுக்கும் ஒரே வரி. அப்போது ஆர்பிட்ராஜின் கூடுதல் தொந்தரவை எடுத்துக்கொள்ளக் காரணமே இல்லை. 25-க்கு மேல் போனால்தான் சில மாதக் கணக்கில் ஆர்பிட்ராஜ் பேசத் தகுந்தது. 30 சதவீதக்காரருக்குக்கூட எல்லை இருக்கிறது. லிக்விட் 6.5 சதவீதம் தரும்போது ஆர்பிட்ராஜ் ஏறத்தாழ 5.65 சதவீதத்துக்கு மேல் தந்தால்தான் வரிக்குப் பிறகு அது முந்தும். நான் போடுவதற்கு முன் இந்த ஒரு எண்ணைத்தான் எழுதி வைத்துக்கொண்டேன்.

நிலம் விற்றவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எங்களுடையது ஊராட்சி விவசாய நிலம் என்பதால் விற்பனை லாபம் வருமானக் கணக்குக்குள் வரவில்லை. அதுவே வீட்டு மனையாக இருந்திருந்தால் அந்த லாபமும் அக்காவின் மொத்த வருமானத்தில் சேர்ந்திருக்கும். மொத்தம் 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடியே கைவிட்டுப் போகலாம். அப்போது மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும். மனை விற்ற வருடத்தில் ஆடிட்டரிடம் ஒரு முறை பேசிவிட்டே பணத்தை நகர்த்துங்கள்.

அக்கா பணம் போட்ட நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதில் சொல்லத் தகுந்த விஷயம் ஒன்று இருக்கிறது. லிக்விட் ஃபண்டில் மதியம் 1:30-க்குள் விண்ணப்பமும் பணமும் இரண்டுமே ஃபண்டுக்குப் போய்ச் சேர்ந்தால் முந்தைய நாள் என்ஏவி கிடைக்கும். அதாவது வெள்ளி மதியத்துக்குள் பணம் சேர்ந்துவிட்டால் வியாழன் என்ஏவி. அன்றைய நாளும் சனியும் ஞாயிறும் உங்கள் கணக்கில் சேரும். 1:30 தாண்டிவிட்டால் ஞாயிறு என்ஏவிதான் கிடைக்கும், மூன்று நாள் வட்டி போச்சு. பத்து லட்சத்துக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 178 ரூபாய், மூன்று நாளைக்கு 534. பெரிய தொகை இல்லைதான், ஆனால் காலையில் ஒன்பது மணிக்குச் செய்தால் கிடைப்பதை மதியம் செய்து இழப்பானேன்? இங்கே முக்கியம், ஆப்பில் "வெற்றி" என்று காட்டிய நேரம் கணக்கில் இல்லை. பணம் ஃபண்டின் வங்கிக் கணக்கில் விழுந்த நேரம்தான் கணக்கு. பத்து லட்சம் மாதிரித் தொகைக்கு யூபிஐ வரம்பு இடிக்கும். நெட் பேங்கிங்கில் போனாலும் நடுவில் சில மணி நேரம் ஆகலாம். அதனால் அக்காவைக் காலையிலேயே வங்கி லாகினைத் திறக்கச் சொன்னேன்.

வாங்கும்போது 0.005 சதவீத முத்திரைத் தீர்வை உண்டு. பத்து லட்சத்துக்கு 50 ரூபாய். "பத்து லட்சம் போட்டேன், ஸ்டேட்மென்ட்ல ஐம்பது கொறையுதே" என்று அக்கா கேட்டது இதைத்தான். வாங்கிய ஏழாவது நாளுக்கு முன் எடுத்தால் லிக்விட் ஃபண்டில் எக்ஸிட் லோட் என்ற வெளியேறும் கட்டணமும் உண்டு. முதல் நாளில் 0.0070 சதவீதம், அதன்பின் நாளுக்கு நாள் குறைந்து ஏழாவது நாளில் பூஜ்யம். பத்து லட்சத்துக்கு அதிகபட்சம் 70 ரூபாய். இதற்குப் பயப்படவே வேண்டாம்.

ஆர்பிட்ராஜின் எக்ஸிட் லோடுக்குத்தான் பயப்பட வேண்டும். ஃபண்டுக்கு ஃபண்ட் மாறும், ஆனால் 15 நாள் அல்லது 30 நாளுக்குள் எடுத்தால் 0.25 சதவீதம் என்பது பரவலாக இருக்கும் விதி. பத்து லட்சத்துக்கு 2,500 ரூபாய். ஒரு மாதத்தில் நீங்கள் சம்பாதித்திருப்பதே ஐயாயிரத்துச் சொச்சம், அதில் பாதி போய்விடும். பணம் ஒரு மாதத்துக்குள் தேவைப்படலாம் என்ற சின்னச் சந்தேகம் இருந்தாலும் ஆர்பிட்ராஜ் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

என் பணத்தைப் போட்டு இரண்டு வாரம் ஆன ஒரு நாள் ஆப்பைத் திறந்தால், நான் போட்டதைவிடச் சில நூறு ரூபாய் குறைவாகக் காட்டியது. ஆர்பிட்ராஜில் முதன்முதலாகப் பணம் போடுகிறவர்கள் பதறுவது இந்த இடத்தில்தான். நடந்தது என்ன என்பதை மேலே சொன்ன 1,000 ரூபாய்ப் பங்கிலேயே பார்க்கலாம்.

பங்கை 1,000-க்கு வாங்கி ஃப்யூச்சர்ஸை 1,006-க்கு விற்றிருக்கிறோம். நாலைந்து நாளில் சந்தை உற்சாகமாகிப் பங்கு 1,020 ஆகிறது. எல்லோரும் ஃப்யூச்சர்ஸ் வாங்க ஓடுவதால் அது 1,029-க்குப் போய்விடுகிறது. பங்கில் 20 ரூபாய் லாபம், ஃப்யூச்சர்ஸில் 23 ரூபாய் நஷ்டம். அன்றைய என்ஏவியில் 3 ரூபாய் இறக்கம் தெரியும். ஆனால் எக்ஸ்பைரி வரை பொறுத்தால் இரண்டு விலையும் ஒன்று சேர்ந்தே ஆக வேண்டும், அந்த 6 ரூபாய் வந்துவிடும். அதோடு, இடைவெளி 9 ரூபாயாக விரிந்திருக்கும் நேரத்தில் ஃபண்டுக்கு வரும் புதுப் பணம் அந்த 9 ரூபாயைப் பிடித்துக்கொள்ளும். ஆக சந்தை சூடாகும்போது என்ஏவி முதலில் சற்று இறங்கி, பிறகு வேகமாக ஏறுவது இயல்பு. என் கணக்கிலும் மாத எக்ஸ்பைரி நெருங்க நெருங்க அது தேறிவிட்டது. இப்போது என்எஸ்இயில் மாத எக்ஸ்பைரி மாதத்தின் கடைசிச் செவ்வாய்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி ஒன்றுதான். ஆர்பிட்ராஜின் வருமானத்தை வாரக் கணக்கில் பார்க்கக் கூடாது, எக்ஸ்பைரி கணக்கில் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று எக்ஸ்பைரியாவது தாண்டும் பணமாக இருந்தால்தான் சராசரி வருமானம் என்ற பேச்சே பொருந்தும்.

உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது: இடைவெளி சுருங்கிப்போவது. சந்தை கடுமையாக விழும்போது ஃப்யூச்சர்ஸ் வாங்க ஆள் இருக்காது. 2020 மார்ச் வீழ்ச்சியில் பல பங்குகளின் ஃப்யூச்சர்ஸ் பங்கு விலைக்கும் கீழே போனது. ஏற்கெனவே நிலை எடுத்து வைத்திருந்தவர்களுக்கு அது முன்கூட்டியே லாபம்தான். ஆனால் அடுத்த மாதத்துக்கு ரோல் செய்யப் போனால் பிடிக்க இடைவெளியே இருக்காது. அப்படிப்பட்ட மாதங்களில் வருமானம் லிக்விட்டைவிட நன்றாகவே குறையும். இன்னொரு காரணம், வரிச் சலுகைக்காக எல்லோரும் ஆர்பிட்ராஜ் ஃபண்டில் பணத்தைக் கொட்டுவது. விற்பவர்கள் அதிகமானால் இடைவெளி தானாகவே சிறுக்கும். கடந்த மூன்று மாத வருமானத்தை லிக்விட் ஃபண்டின் மூன்று மாத வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் இப்போது எந்த நிலை என்பது ஓரளவு தெரிந்துவிடும். நான் சொன்ன 5.65 மாதிரியான எல்லைக்குக் கீழே அது போய்க்கொண்டிருந்தால் 30 சதவீதக்காரரும் லிக்விட்டிலேயே இருக்கலாம்.

ஃபண்டைத் தேர்ந்தெடுக்க நான் செய்தது, மாதா மாதம் வெளியிடும் ஃபேக்ட்ஷீட்டைத் திறந்து ஹோல்டிங்ஸ் பக்கத்தைப் பார்த்தது மட்டும்தான். ஆர்பிட்ராஜில் ஒவ்வொரு பங்கின் எதிரிலும் சொத்தில் எத்தனை சதவீதம் என்றும், அதே பங்கின் ஃப்யூச்சர்ஸ் எதிரில் மைனஸ் குறியோடு ஏறத்தாழ அதே எண்ணும் இருக்க வேண்டும். ஒரு வங்கிப் பங்கு 5.02 என்றால் அதன் ஃப்யூச்சர்ஸ் மைனஸ் 5.05 என்பது போல. சில ஃபேக்ட்ஷீட்டில் இது பக்கத்துப் பத்தியில் இருக்கும், சிலவற்றில் கீழே தனி அட்டவணையாக இருக்கும். இந்த ஜோடி பொருந்தினால் சந்தை எங்கே போனாலும் அந்தப் பணம் அசையாது. ஜோடி இல்லாத பங்கு ஏதாவது தெரிந்தால் அந்த ஃபண்டை விட்டுவிடுவேன். மீதி 25, 30 சதவீதம் கடன் பத்திரங்களிலும் டெபாசிட்டிலும் இருக்கும். அங்கே என்ன ரேட்டிங் என்று பார்க்க வேண்டும். ஆர்பிட்ராஜ் என்ற பெயர் இருப்பதால் அந்தப் பகுதிக்குக் கடன் அபாயம் இல்லாமல் போவதில்லை.

அக்காவின் லிக்விட் ஃபண்டுக்கும் அதே பக்கம்தான். ட்ரெஷரி பில்லும் பெரிய வங்கிகளின் சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட்டும் எவ்வளவு, கம்பெனிப் பேப்பர் எவ்வளவு என்று பார்த்தேன். பட்டியலில் அதிக வருமானம் காட்டும் ஃபண்டை வேண்டுமென்றே ஒதுக்கினேன். லிக்விட் ஃபண்டில் மேலதிகமாகக் கிடைக்கும் கால் சதவீதம் பெரும்பாலும் யாரோ ஒரு பலவீனமான கம்பெனியின் பேப்பரிலிருந்துதான் வருகிறது. 2018 செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமம் கடனைத் திருப்பிக் கட்டத் தவறியபோது, அதன் பேப்பரை வைத்திருந்த சில லிக்விட் ஃபண்டுகளின் என்ஏவி ஒரே நாளில் விழுந்தது. பல மாத வட்டியை ஒரு நாள் தின்றுவிட்டது. அதற்குப்பின் செபி விதிகளை இறுக்கியது, சொத்தில் 20 சதவீதத்தை உடனே பணமாக்கக்கூடியவற்றில் வைத்திருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இருந்தாலும் கல்யாணப் பணத்துக்கு நான் ட்ரெஷரி பில் அதிகம் உள்ள ஃபண்டைத்தான் எடுத்தேன்.

அக்கா நடுவில் கேட்ட இன்னொரு கேள்வி: "பேசாம பேங்க்லயே எஃப்டி போட்டா என்னடா?" தேதி உறுதியாகத் தெரிந்த பணத்துக்கு அதுவும் சரிதான் என்றேன். அக்காவுக்கு அங்கேயும் வரி பூஜ்யம். ஆனால் கல்யாணச் செலவு ஒரே தேதியில் வருவதில்லை. ஐந்து லட்சத்துக்கு நகை இன்று வாங்கலாம் என்று தோன்றினால் எஃப்டியை உடைக்க வேண்டும், வட்டி குறையும். லிக்விட்டில் வேண்டிய தொகையை மட்டும் எடுக்கலாம், மீதி அங்கேயே ஓடும். ஒரே தேதியில் கட்ட வேண்டிய மண்டப பாக்கிக்கு மட்டும் எஃப்டி போட்டுக்கொண்டது அக்கா.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. லிக்விட்டில் மாலை 3 மணிக்குள் சொன்னால் அடுத்த வேலை நாளில் பணம் வந்துவிடும். வெள்ளி 3 மணிக்குள் சொன்னால் ஞாயிறு என்ஏவியே கிடைக்கும், திங்களன்று பணம். சனி, ஞாயிறு வட்டியையும் விட வேண்டியதில்லை. சில ஃபண்டுகளில் உடனடியாக எடுக்கும் வசதி உண்டு, ஆனால் அதற்கு ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் அல்லது கணக்கில் உள்ளதில் 90 சதவீதம், இதில் எது குறைவோ அதுதான் வரம்பு. கல்யாண வீட்டில் இதை நம்பி நகைக்கடைக்குப் போக முடியாது. "கடைக்குப் போறதுக்கு முந்தின வேலை நாள் காலையிலேயே சொல்லிடுங்கக்கா" என்று சொல்லி வைத்திருந்தேன். அக்கா காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டது.

ஆர்பிட்ராஜில் பணம் வர ஒரு வேலை நாள் கூடுதலாக ஆகும். 3 மணிக்குள் சொன்னால் அன்றைய என்ஏவி, பணம் இரண்டு வேலை நாள் கழித்து. பங்குச் சந்தைக்கு விடுமுறை குறுக்கே வந்தால் அதுவும் தள்ளிப்போகும். எனக்குப் பதிவு தேதி திங்கள் என்று பில்டர் கடைசியில்தான் உறுதி செய்தார். திங்கள் காலையில் டிமாண்ட் டிராஃப்ட் கையில் இருக்க வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை பணம் வங்கிக்கு வந்தாக வேண்டும், அதற்குப் புதன் 3 மணிக்குள் விற்கச் சொல்லியாக வேண்டும். பதிவுத் தேதி மாதிரித் தவறவே கூடாத நாளுக்கு நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். ஒரு வாரம் முன்பே ஆர்பிட்ராஜிலிருந்து மொத்தத்தையும் எடுத்து வங்கிக் கணக்கிலேயே வைத்துவிட்டேன். ஒரு வாரத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஆயிரத்துச் சொச்சத்தைவிட, பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கிவிட்டுப் பணத்துக்காகக் காத்திருக்காமல் இருப்பது எனக்குப் பெரிது.

கடைசியாக ஐடிஆர். அக்கா ஒவ்வொரு வருடமும் பென்ஷனும் வங்கி வட்டியும் மட்டும் என்பதால் ஐடிஆர்-1 படிவத்தில் முடித்துவிடும். லிக்விட் ஃபண்ட் யூனிட்டை லாபத்தில் விற்றுவிட்டால், வரி பூஜ்யமாக இருந்தாலும், அது குறுகிய கால மூலதன ஆதாயம். ஐடிஆர்-1 போதாது, ஐடிஆர்-2 தாக்கல் செய்ய வேண்டும். ஃபண்டிலிருந்து இங்கே வசிப்பவர்களின் லாபத்துக்கு டிடிஎஸ் பிடிப்பதில்லை, அதனால் எந்தக் குறுஞ்செய்தியும் வந்து இதை நினைவுபடுத்தாது. நிதியாண்டு முடிந்ததும், ஃபண்டுகளின் முதலீட்டாளர் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் தளத்தில் மூலதன ஆதாய அறிக்கையைக் கேட்டால் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். அதில் லிக்விட் லாபம் அடுக்குப்படி வரி விதிக்கும் பகுதியிலும், ஆர்பிட்ராஜ் லாபம் 20 சதவீதப் பகுதியிலும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். அக்காவின் அறிக்கையை நானே இறக்கி, எந்த எண் எந்தக் கட்டத்துக்கு என்று பென்சிலால் வட்டமிட்டு, வழக்கமாகத் தாக்கல் செய்து தரும் தம்பியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.